கல்லின் தூசியும் நெஞ்சின் படமும்

கல்லுடைப்பவனுடைய கையிலே காய்ப்பு ஏறினால் அதனை ஊரார் காண்பர். அவன் மூச்சுடன் உட்செல்லும் தூசி செய்யும் வேலையையோ எக்ஸ்-றே படம் ஒன்றே காட்டித் தரும். களனி கங்கைக்கு அப்பால் வாழ்ந்த அன்பர் ஒருவர் இருபது ஆண்டுகளாகக் கருங்கற் குழியில் துளையிடும் தொழில் செய்தவர். அவருடைய படத்தை வைத்தியர் விளக்கியபொழுது நானும் உடனிருந்தேன். அன்று அறிந்தவற்றை நேயர்களுடன் பகிர்ந்து கொள்ள விரும்புகின்றேன்.

படத்தில் காற்று நிறைந்த சுவாசப்பை கருமையாகவும், எலும்பு வெண்மையாகவும் தோன்றும். அன்பரின் படத்திலோ அக்கருமையின்மேல் தினையை அள்ளித் தூவினாற்போலச் சிறு வெண் புள்ளிகள் இருபுறமும் நிறைந்திருந்தன. பார்வைக்கு வெண்மையாயினும் வைத்தியர்கள் இவற்றை நிழல் என்றே வழங்குகின்றனர். மேற்பகுதியில் அவை நெருக்கமாகவும், கீழ்ப்பகுதியில் ஐதாகவும் காணப்பட்டன.

"ஐயா, நீங்கள் என்ன தொழில் செய்தீர்கள்?" என்று வைத்தியர் முதலில் வினவினார். அதற்குமுன் வேறோர் இடத்தில் எவரும் இதனைக் கேட்கவில்லை. சயரோகம் என்று கூறிப் பல மாதம் மருந்து கொடுத்திருந்தனர். புள்ளிகள் அப்படியே இருந்தன. சயரோகம் உடலெங்கும் பரவும்பொழுதும் இத்தகைய நுண்புள்ளிகள் தோன்றுவதுண்டு. ஆனால் அந்நோயாளி பெரும்பாலும் காய்ச்சலாலும் மெலிவாலும் படுக்கையில் வீழ்ந்திருப்பான். புள்ளிகளும் மேலும் கீழும் ஒருசீராகப் பரவியிருக்கும். நம் அன்பரோ மேடேறும்போது மட்டும் மூச்சு வாங்கியவாறு நடமாடிக் கொண்டிருந்தார். எனினும் படத்தை மட்டும் நம்பி வைத்தியர் முடிவு கூறவில்லை. கற்தூசியால் கெட்ட சுவாசப்பையில் சயரோகம் எளிதிற் குடிபுகும். ஆகையால் சளியைப் பன்முறை சோதிப்பித்து, கிருமி இல்லையென்று கண்ட பின்னரே இது கற்தூசி நோய் என்றார்.

இந்நிழல்களை அளந்து தரம் பிரிக்கச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் முறையொன்றை வகுத்துள்ளது. ஒன்றரை மில்லிமீற்றர் வரையுள்ளவை ஒரு வகை. அதற்குமேல் மூன்று வரை இரண்டாம் வகை. மூன்றிலிருந்து பத்து வரை மூன்றாம் வகை. அவை எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதை மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு அறிவர். பத்து மில்லிமீற்றரைத் தாண்டிய நிழல் பல புள்ளிகள் ஒன்றுகூடித் திரண்ட தழும்பைக் குறிக்கக்கூடும். அந்நிலையில் மூச்சுத் திணறல் மிகும். அன்பருடையவை இரண்டாம் வகையின.

இப்புள்ளி உண்டாவது எவ்வாறு? கருங்கல்லில் உள்ள படிகக் கல்லின் தூளிலே கண்ணுக்குப் புலப்படும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தீங்கு செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி. சுவாசப்பையின் காவற் கலங்கள் அதனை விழுங்குகின்றன. ஆனால் அத்தூசி அவற்றையே கொன்றுவிடுகின்றது. இறந்த கலத்திலிருந்து வெளிப்பட்ட தூசியை வேறொரு கலம் விழுங்கி அதுவும் மடியும். இவ்வாறு ஓயாது நிகழும் புண்ணைச் சுற்றி உடல் தழும்பு கட்டுகின்றது. அத்தழும்பின் சிறு உருண்டைகளே படத்தில் தெரியும் மணிகள். தூசி உள்ளேயே தங்கிவிடுவதால் தொழிலை விட்ட பின்னரும் நோய் வளரக்கூடும். தழும்பைக் கரைக்கும் மருந்தும் இல்லை.

இந்நாட்டின் காரீயச் சுரங்கத்திலும் இத்தகைய நிழல்கள் காணப்பட்டன. இலங்கையின் பெரிய காரீயச் சுரங்கம் ஒன்றிலே 344 தொழிலாளரைப் பரிசோதித்த வைத்தியர்களான ரணசிங்க, உறகொட ஆகியோர், தமது முடிவை 1972இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டனர். 78 பேரின் படங்களில், அதாவது ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு, தூசி நோயின் அடையாளம் இருந்தது. சிறு வட்ட நிழல்களுடன் ஒழுங்கற்ற நிழல்களும், பெரிய நிழல்களும் தோன்றின. காரீயம் மென்மையான கரிதானே என்று எண்ணுவோர், அதைத் தோண்டுபவன் சுற்றியுள்ள பாறையையும் துளைக்கிறான் என்பதை மறந்துவிடுகின்றனர்.

வாயிற் கட்டும் கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. துளையிடும் இடத்தில் இடைவிடாது தண்ணீர் பாய்ச்சினால் தூசி எழுமுன்பே பெருமளவு அடங்கும். அதனுடன் தூசியை உறிஞ்சி அகற்றும் பொறியும், பொருத்தமான முகமூடியும் வேண்டும். தொடக்கத்தில் இருமலும் இளைப்பும் இல்லாமலே படத்தில் மணிகள் தோன்றலாமாகையால், வருத்தம் வரும்வரை காத்திராது காலந்தோறும் படம் எடுத்து, முந்திய படத்துடன் ஒப்பிட வேண்டும்.

அன்பர் தொழிலை விட்டார். அவருடைய மூத்த மகன் அதே குழியில் துளையிடுகிறான் என்று அறிந்த வைத்தியர், "தம்பியையும் ஒருமுறை அழைத்து வாருங்கள்" என்றார். அடுத்த கிழமையே மகன் படம் எடுப்பித்துக் கொண்டான். அவனுடைய சுவாசப்பையில் மணி எதுவும் இல்லை.

இப்பொழுது அவன் துளையிடும் இடத்தில் தண்ணீர்க் குழாய் ஓடுகின்றது.