சுளகின் வரிகள்

அம்பாசமுத்திரம் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டால் தார்சா ஆச்சிக்குத்தான். தூணில் சாய்ந்து காலை நீட்டி, மடியில் சுளகைக் கவிழ்த்து வைத்துக்கொள்வாள். அதுதான் அவளுக்கு எழுதுபலகை. லண்டனில் என் கைக்கு வரும் நீல ஏரோகிராமில் அந்தச் சுளகின் பின்னல் தெரியும். 'ழ' போடும் இடத்தில் பேனா மேடேறி இறங்கியிருக்கும். தாளைத் திருப்பித் தடவினால் விரலுக்கும் தட்டுப்படும்.

தாளின் தலையில், நடுவில் 'உ'. அதன்கீழ் 'சிவமயம்'. வலப்பக்கம் ஊர்ப் பெயரும் கொல்லம் ஆண்டுக் கணக்கும். 1991 ஜூன் கடைசியில் எழுதியது அவளுக்குக் கொல்லம் 1166 ஆனி 12. பிறகு, "சிரஞ்சீவி பேரனுக்கு ஆச்சி அநேக ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் உன் நலத்துக்கு அடிக்கடி கடிதம் எழுதவும்." கல்யாணமான என் அக்காவுக்கு என்றால் 'சௌபாக்கியவதி'. மற்றவர்கள் 'சி.' 'சௌ.' என்று புள்ளி வைத்து முடித்துவிடுவார்கள். ஆச்சி ஒருநாளும் அப்படி எழுதியதில்லை. "ஆயுசைப் போயி யாராவது சுருக்குவாகளா?" என்பாள்.

ஏரோகிராமுக்குள் எதையும் வைக்கக் கூடாது. அதனால் எழுதி முடித்ததும் திருநீற்று மரவையில் விரலைத் தொட்டு, உள்மடிப்பில் ஒரு கீற்று இழுத்துவிடுவாள். இங்கே கத்தியால் பிரிக்கும்போது மேசையில் கொஞ்சம் வெள்ளையாக உதிரும். அதை நெற்றியில் இட்டுக்கொண்டுதான் படிப்பேன்.

அந்த ஆனி மாதக் கடிதத்திலும் எல்லாம் இருந்தது. பாபநாசம் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது, கார் நடவுக்கு ஆள் கிடைக்காதது, கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பளம் வாங்கி வைத்திருப்பது. யாவரும் நலம். ஆனால் எழுத்து வழவழவென்று ஓடியிருந்தது. ஒரு 'ழ'கூட மேடேறவில்லை. தாளின் பின்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றுமே தட்டுப்படவில்லை.

கெட்ட செய்தியை ஆச்சி ஆசீர்வாதத்தின் கீழே எழுத மாட்டாள். ஏதாவது இருந்தால் ஓரத்தில்தான் இருக்கும். தாளைப் பக்கவாட்டில் திருப்பினேன். பசை விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி: "காலில் கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது, பயப்பட வேண்டாம்."

எதிர்வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டேன். அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வரப் பத்து நிமிஷம் ஆனது.

"கடுதாசியை எங்க வச்சு எழுதுனிய ஆச்சி?"

"பட்டாசல்ல, கட்டில்ல படுத்துக்கிட்டே. ஒனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

"திருநீறு பூசிக்கிட்டியாய்யா?" என்றாள்.