ஒரு கட்டுரைக்கு 600 ரூபாய்

போன செமஸ்டர் லீவுல ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஃப்ரீலான்ஸ் கன்டென்ட் ரைட்டர் தேவை. 1000 வார்த்தை கட்டுரைக்கு 600 ரூபாய். முதலில் 300 வார்த்தையில் ஒரு டெஸ்ட் கட்டுரை, அதற்கு 150 ரூபாய். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? மாசம் பத்து கட்டுரை, ஆறாயிரம் ரூபாய், மெஸ் பில்லுக்கு வீட்டுல கேட்க வேண்டாம்னு நான் உடனே மனக்கணக்கு போட்டேன்.

ஆனா ஏற்கெனவே ஒரு தடவை சூடு பட்டிருக்கேன். முந்தின வருஷம் வேறொரு இடத்துல சும்மா ஒரு சாம்பிள் கேட்டாங்க. 800 வார்த்தை எழுதி அனுப்பினேன். பதிலே வரல. ரெண்டு வாரம் கழிச்சு அதே கட்டுரை, தலைப்பு மட்டும் மாறி, அவங்க தளத்துல இருந்தது.

அதனால இந்தத் தடவை போன்ல டைமர் வச்சுட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். தலைப்பு, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஏன். ட்ரிபிள்-ஈ பொண்ணு எனக்கே படிச்சு சரிபார்க்க 50 நிமிஷம் ஆச்சு. எழுத 70, அவங்க சொன்ன திருத்தத்துக்கு 40. மொத்தம் 160 நிமிஷம். அதாவது மணிக்கு 56 ரூபாய்.

அப்புறம் முழுக் கட்டுரைக்குக் கணக்கு பார்த்தேன். படிக்க 90, எழுத 230, திருத்த 60 நிமிஷம்னு வச்சாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல். மணிக்கு ஏறக்குறைய 95 ரூபாய். பத்து கட்டுரைன்னா மாசம் 63 மணி நேரம். தினம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல! லேப் ரெக்கார்டை யார் எழுதுறது? மாசம் நாலு போதும்னு முடிவு பண்ணேன்.

ஒத்துக்கறதுக்கு முன்னாடி மெயில்ல மூணு கேள்வி கேட்டேன். எத்தனை தடவை திருத்தித் தரணும்? ஏத்துக்கிட்ட எத்தனை நாள்ல பணம்? பாதியில தலைப்பையே மாத்தினா? ரெண்டு தடவை, 15 நாள், தலைப்பு மாறினா பாதித் தொகை கூடுதல் என்று பதில் வந்தது. கேட்க கூச்சமாத்தான் இருந்தது. ஆனா ரெண்டாவது கட்டுரையை எழுதி முடிச்ச பிறகு, இன்வெர்ட்டர் வேண்டாம், சோலார் பேனல் பற்றி எழுதுங்கன்னாங்க. அந்த மெயிலையே திருப்பி அனுப்பினேன். 300 ரூபாய் சேர்த்துத்தான் வந்தது.

இன்னொன்னும் சொல்லணும். டெஸ்டுக்கான 150 ரூபாய் என் கணக்குக்கு வந்தது ஒன்பதாவது நாள். அதுவரைக்கும் முதல் கட்டுரையை நான் தொடவே இல்லை. அவங்க என் எழுத்தைச் சோதிச்ச அதே 150 ரூபாயில, சொன்னபடி காசு தருவாங்களான்னு நானும் அவங்களைச் சோதிச்சுட்டேன். நீங்களும் அந்த மெசேஜ் வந்த பிறகே அடுத்த வரியை எழுதுங்க.