அக்காவின் மாத்திரையை நிறுத்தச் சொன்னவன் நான்

என் அக்காவின் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னது மருத்துவர் அல்ல. அக்கா தானாகவும் நிறுத்தவில்லை. நான் சொன்னேன். "அதான் செம்பருத்தித் தேநீரும் பூண்டும் இருக்கே, மாத்திரையை விட்டுடுக்கா" என்றேன். நான் படித்தவன் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது.

அவளுக்கு இருந்தது லேசான உயர் அழுத்தம்தான். மாத்திரை தொடங்குமுன் 150/94. ஆம்லோடிபின் 5 மி.கி. தினம் ஒன்று எடுத்த பிறகு 130/80 அளவில் நின்றது. கணுக்கால் கொஞ்சம் வீங்குகிறது என்றாள். அந்த மாத்திரையால் சிலருக்கு அப்படி வீங்கும். மருத்துவரிடம் சொல்லியிருந்தால் வேறு மாத்திரை தந்திருப்பார். போய்க் கேள் என்று நான் சொல்லவில்லை. நானே மருத்துவரானேன்.

பொய்யான ஒன்றை நான் படித்துவிட்டுச் சொல்லவில்லை. பாதி படித்துவிட்டுச் சொன்னேன். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. லேசாக அழுத்தம் கூடிய 65 பேரில் ஒரு பகுதியினர் தினம் 3 கப் செம்பருத்தித் தேநீரை 6 வாரம் குடித்தார்கள். மேல் எண் சராசரியாக 7 குறைந்தது. தேநீர் போலச் சுவையூட்டிய வெறும் நீரைக் குடித்தவர்களுக்கு 1 அளவே குறைந்தது. எனக்கு அந்த 7 போதுமாக இருந்தது. அவர்கள் யாரும் அழுத்த மாத்திரை எடுக்காதவர்கள் என்ற வரியைத் தாண்டிப் போய்விட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்தால் என்ன ஆகும் என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை.

பூவிலும் தவறினேன். அவர்கள் பயன்படுத்தியது நம் வாசலில் பூக்கும் செம்பருத்தி அல்ல. புளிச்சைக்கீரை வகைச் செடி அது. பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றி நிற்கும் சிவந்த, புளித்த இதழுறையைக் காயவைத்துப் போடுவார்கள். நான் அக்காவுக்குக் கொதிக்கவைக்கச் சொன்னது கொல்லைச் செம்பருத்திப் பூவை.

பூண்டும் அப்படித்தான். அழுத்தம் கூடியவர்களுக்கு மேல் எண்ணை 8 அளவில் அது குறைப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலும் கொடுத்தது அளவு வரையறுத்த பூண்டுப் பொடியும் சாறும். பூண்டை நசுக்கினால்தான் அல்லிசின் உருவாகும். முழுப்பல்லாகப் பாலில் வேகவைத்தால் அதில் பெரும்பகுதி உருவாவதே இல்லை. அக்கா குடித்தது அந்தப் பூண்டுப் பால்தான்.

நான் ஏமாந்த இடம் எதுவென்று சொல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்திய சில நாளில் அழுத்தம் பார்த்தோம். 132/82. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா" என்றேன். உண்மையில் அந்த எண் மாத்திரையுடையது. ஆம்லோடிபின் உடலை விட்டு மெதுவாகப் போகும். பாதி அளவு வெளியேறவே ஒன்றரை நாளுக்கு மேல் ஆகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஒரு வாரம் அதன் வேலை தேய்ந்துகொண்டே நடக்கும். நான் தேநீருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தேன். அதன்பின் கருவியை எடுக்கவே இல்லை. எண் ஏறியிருந்தால் என் வார்த்தை பொய்த்துவிடும் என்ற பயமும் உள்ளே இருந்தது. அக்காவுக்குத் தலைவலியோ மயக்கமோ இல்லை. அழுத்தம் ஏறினால் உடல் சொல்லும் என்று நினைத்தேன். பெரும்பாலும் சொல்லாது.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை அவளுக்கு வலக்கை தூக்க வரவில்லை. பேச்சு குழறியது. மருத்துவமனையில் அழுத்தம் 196/110. மூளையின் உட்பகுதியில் சிறு இரத்தக்கசிவு என்று ஸ்கேன் காட்டியது. "மாத்திரை ஒழுங்கா எடுக்கிறாங்களா?" என்று மருத்துவர் கேட்டார். "எடுக்கிறாங்க" என்றேன். அந்த இடத்திலும் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். மாத்திரை எடுத்தும் இவ்வளவா என்று அவர் வேறு காரணங்களைத் தேடத் தொடங்கினார். அக்கா மகள்தான் பக்கத்தில் வந்து, "இல்ல டாக்டர், மாமா நிறுத்தச் சொன்னாங்க" என்றாள்.

மாத்திரை எடுத்திருந்தால் இது வந்தே இருக்காது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதில் நான் ஒளிந்துகொள்ள மாட்டேன். அக்காவுக்கு இன்னும் வலக்கையால் சோறு பிசைய முடியவில்லை. அவள் மகள் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறாள்.

உங்கள் வீட்டில் யாராவது என்னைப் போன்ற ஒருவன் சொல்லி மாத்திரையை நிறுத்தியிருந்தால், இன்றே அழுத்தம் பாருங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பாருங்கள். எண் நன்றாக இருந்தாலும் மருத்துவரிடம் போய் நிறுத்தியதைச் சொல்லுங்கள். தேநீரும் பூண்டும் வேண்டுமானால் மாத்திரையோடு சேர்த்து, அவருக்குத் தெரிந்து எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் பூண்டைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும், இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். மருத்துவர் கேட்கும்போது பொய் சொல்லாதீர்கள்.