சிரிப்புப் படம் சம்மதம் ஆகுமா?



கேட்ட கேள்விக்குச் சொல்லால் விடை தராமல், ஒரு மீமையோ அசையும் படத்தையோ அனுப்பி முடித்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் பரவிவிட்டது. சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு அப்படி ஒரு விடை வந்தால் யாருக்கும் நட்டமில்லை. நிக்காஹ் பற்றிய கேள்விக்கு வந்தால் என்ன செய்வது?

செங்கத்தில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை, வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் தம் மகளுக்கு ஒரு வரன் பார்த்திருந்தார். மாப்பிள்ளையின் விவரங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதிந்து, "உன் விருப்பம் என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். சிறிது நேரத்தில் மகளிடமிருந்து வடிவேலு திருதிருவென்று விழிக்கும் அசைபடம் ஒன்று வந்தது. அதன் கீழே மாமிமார்களின் "மாஷா அல்லாஹ்" வரிசையாக நின்றது. பாட்டியார், "புள்ள சிரிச்சிட்டா, சம்மதம்தான்" என்று முடித்துவிட்டார். தந்தைக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "ஹஜ்ரத், வாய் திறக்காம இருந்தாலே சம்மதம்னு சொல்றாங்களே, இதையும் அப்படி எடுத்துக்கலாமா?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

அவர் மனத்தில் இருந்தது நாமெல்லாம் அறிந்த நபிமொழி. கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்கப்பட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அவள் வெட்கப்படுவாளே என்று ஆயிஷா (ரழி) அவர்கள் வினவினார்கள். அவளது மௌனமே அனுமதி என்று நபியவர்கள் விடையளித்தார்கள். மௌனத்திற்கு இந்த இடம் கிடைத்தது வெட்கம் என்ற காரணத்தால்தான். முன்பு மணமான பெண்ணுக்கு இச்சலுகை இல்லை. அவள் வாயால் சொல்ல வேண்டும்.

நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் இத்துடன் நிறுத்தவில்லை. மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயா என்னும் நூல் சிரிப்பையும் இரண்டாகப் பிரிக்கிறது. செய்தி கேட்டு அவள் சிரித்தால் அது சம்மதம். கேட்டதை ஏளனம் செய்வதுபோல் சிரித்தால் அது சம்மதமாகாது என்று அதில் ஒரு கருத்து பதிவாகியுள்ளது. கேட்பவர் வலீயாக இல்லாமல் வேறு ஒருவராக இருந்தால் மௌனம் போதாது, சொல் வேண்டும் என்பதும் அங்கே உள்ளது. இவ்வளவு நுட்பமாகப் பிரிக்க முடிந்ததற்குக் காரணம், கேட்பவர் அவள் முன்னே இருந்ததுதான். நாணத்தால் தலை குனிகிறாளா, உதட்டைச் சுழித்துச் சிரிக்கிறாளா என்று முகமே காட்டிக்கொடுக்கும்.

அசைபடத்தில் தெரிவது வடிவேலுவின் முகம். அனுப்பியவளின் முகம் அதற்குப் பின்னால் மறைந்துவிட்டது. அது மௌனமும் அன்று, ஏனெனில் அவள் ஏதோ ஒன்றை அனுப்பியிருக்கிறாள். சொல்லும் அன்று, ஏனெனில் அதற்கு ஒரே பொருள் இல்லை. அத்தனை உறவினர் பார்க்கும் குழுவில் "வேண்டாம்" என்றால் வாப்பாவுக்குத் தலைக்குனிவு. "சரி" என்றால் தனக்கு வெட்கம். இரண்டிலிருந்தும் தப்பிக்க அவள் கண்ட சந்து அந்தப் படம்.

நீதிமன்றமும் இத்தகைய குறியை எடைபோட்டிருக்கிறது. 2018-இல் மேகாலயாவில் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் தம் கீழ்ப் பணியாற்றியவரால் கொல்லப்பட்டார். அச்செய்திக்கு வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் குறியிட்ட காவலர் ஒருவர், கொலையைக் கொண்டாடினார் என்று பணிநீக்கம் செய்யப்பட்டார். அக்குறி செய்தியைப் பார்த்தேன் என்பதற்கும் இடப்படலாம். அதைக் கொண்டாட்டமாகக் கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் கூறியது. ஒரு குறியின் மீது அது தாங்காத பொருளை ஏற்றலாகாது என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

எனவே அத்தந்தையிடம், "பாய், அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. உங்கள் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். குழுவில் மீண்டும் கேட்க வேண்டாம். தாயார் தனியே தொலைபேசியில் பேசட்டும் என்றும் சொன்னேன். "சரிதானே?" என்று கேட்டால் ஆம் என்பதைத் தவிர வேறு வழி இருக்காது. "உனக்கு என்ன தோணுது, யோசிக்க எத்தனை நாள் வேணும்?" என்று கேட்டால் மறுக்கவும் இடமிருக்கும்.

தாயார் அப்படியே கேட்டார். மாப்பிள்ளையைப் பற்றி மகளுக்கு எந்தக் குறையும் இல்லை. இறுதியாண்டுத் தேர்வு முடியும் முன் நிக்காஹ் வைத்துவிடுவார்களோ என்ற அச்சம்தான் அந்தத் திருதிரு விழிப்பு. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி, தேர்வுக்குப் பின் பேசலாம் என்று முடிவாயிற்று.

பெற்றோர்களே, பிள்ளைகளிடமிருந்து இப்படி ஒரு படம் வரும்போது மூன்றைக் கவனியுங்கள். கேள்வி பலர் முன்னிலையில் கேட்கப்பட்டதா? பிள்ளை எல்லாவற்றுக்கும் படம் அனுப்பும் பழக்கமுடையதா, அல்லது இந்தக் கேள்விக்கு மட்டும் அனுப்பியதா? அடுத்து வந்த சாதாரணச் செய்திக்குச் சொல்லால் பதில் தந்ததா? மற்றவற்றுக்கெல்லாம் எழுதிவிட்டு இதற்கு மட்டும் படம் வந்திருந்தால், சொல்ல முடியாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று கொள்ளுங்கள். அது என்னவென்பதைப் படத்தைப் பார்த்து ஊகிக்க இயலாது. பிள்ளையிடம் தனியே கேட்டுத்தான் அறிய முடியும்.