மூன்று கட்டுகள்

ஆண்டுதோறும் பசலி முடியும் தறுவாயில் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடைபெறும். கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வதே அதன் நோக்கமெனினும், பொதுமக்களுக்கு அது மனுக் கொடுக்கும் நாளாகவே விளங்குகிறது. விருதுநகர் மாவட்டத்தில் எழுத்தராகப் பணியாற்றிய காலத்தில், மாலையில் குவிந்திருக்கும் மனுக்களை வகைப்படுத்துவது என் வேலையாக இருந்தது.

மனுக்களை மூன்று கட்டுகளாகப் பிரிப்போம். ஆணையிடும் அதிகாரமும் தேவையான ஆவணமும் நம்மிடமே இருப்பின் முதற்கட்டு. அதிகாரம் நம்மிடமிருந்து, பிறர் ஒருவரின் கையொப்பமோ அறிக்கையோ வரவேண்டுமாயின் இரண்டாவது. அதிகாரமே நம்மிடம் இல்லையெனின் மூன்றாவது.

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலை விபத்தொன்றில் கணவரை இழந்த ஓர் அம்மையாரின் மனு என் நினைவில் நிற்கிறது. வாரிசுச் சான்றிதழ் வேண்டும். கணவர் பெயரிலுள்ள வீட்டுமனைப் பட்டாவைத் தம் பெயருக்கு மட்டும் மாற்ற வேண்டும். ஆலை உரிமையாளரிடமிருந்து இழப்பீடு பெற்றுத்தர வேண்டும் என மூன்று கோரிக்கைகளை ஒரே தாளில் எழுதியிருந்தார். இத்தகைய மனுவை முழுதாக ஒரு கட்டில் இடுவது தவறு. அதன் கடினமான கோரிக்கை எளிய கோரிக்கையையும் இழுத்துப் பிடித்துவிடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் கொடுத்தோம்.

வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் வழங்குவது. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தரவேண்டும். அவர்கள் தாசில்தாருக்குக் கட்டுப்பட்டவர்களாதலின் அது முதற்கட்டே. பட்டாவோ அவ்வாறன்று. அம்மையாரோடு வயதுவந்த மகனும், மணமான மகளும், மாமியாரும் வாரிசுகள். வாரிசுச் சான்றிதழ் உரியவர் யாவர் என்று கூறுமேயன்றி, யாருக்கு எத்துணைப் பங்கு என்று கூறாது. மற்ற மூவரும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தந்தாலன்றித் தனிப்பட்டா இயலாது. எனவே அது இரண்டாங்கட்டு. இழப்பீட்டைத் தீர்மானித்தவர் அப்போது நடைமுறையிலிருந்த 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர் துறை ஆணையர். நம் அலுவலகத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை; அது மூன்றாங்கட்டு.

மூன்றாங்கட்டு மனுவையும் வெறுமனே மூடிவிடலாகாது. எங்குச் செல்லவேண்டும் என்பதை எழுத்தில் தந்தால்தான் அது முடிந்ததாகும். இன்றேல் அதே மனு அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் வழியாக மீண்டும் நம் மேசைக்கே வந்துசேரும்.

எனினும் மிகுந்த கவனம் வேண்டுவது இரண்டாங்கட்டுக்கே. “நிலுவையில்” என்று மட்டும் குறித்த மனுவை எவரும் திறந்து பார்ப்பதில்லை. யாரிடமிருந்து, எது, எந்தத் தேதிக்குள் வரவேண்டும் என்ற மூன்றும் உறைமேல் இருத்தல் வேண்டும். இவ்வம்மையாரின் மனுவில் காத்திருந்தது அலுவலகம். வரவேண்டியதோ அவர் குடும்பத்தாரின் கையொப்பம். அதைச் சொல்லாது விட்டிருந்தால், அலுவலகம் அவருக்காகவும் அவர் அலுவலகத்துக்காகவும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்திருப்பர்.

செய்தியைக் கேட்டதும் அவர், “மாமியாரும் மகளும் கையெழுத்துப் போட மாட்டாங்க தம்பி” என்றார். அப்படியாயின் நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டா கோரலாம். அதற்கு விடுதலைப் பத்திரம் தேவையில்லை என்று விளக்கினோம். சற்றுநேரம் யோசித்து, புதிய மனு ஒன்று எழுதித் தந்தார். அது முதற்கட்டில் சேர்ந்தது.