ஏழடி

மறைமலை நகரில் ரயிலைவிட்டு இறங்கினால் நிலையத்தின் பெயரில் காமராஜர் இருப்பார், ஊரின் பெயரில் அடிகள் இருப்பார். அந்த அடிகளும் வேதாசலமாகப் பிறந்து, 1916 வாக்கில் தனித்தமிழுக்காகத் தன் பெயரையே மாற்றிக்கொண்டவர். பெயர் மாற்றிக்கொண்டவரின் பெயரில் அமைந்த ஊரில்தான் என் அக்கா மகள் தன் சின்ன ஆபீசுக்குப் பெயர் கிடைக்காமல் திண்டாடினாள்.

வேலை ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. ஊரப்பாக்கத்தில் இரண்டு ஃபிளாட், கூடுவாஞ்சேரியில் ஒரு டாக்டரின் கிளினிக், உள்ளூரிலேயே ஒரு தனி வீடு. போர்ட்ஃபோலியோவின் பக்கங்களெல்லாம் தயார், அட்டை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. "நீங்கதான் முப்பது வருஷம் பிளான் போட்டவராச்சே மாமா, ஒரு பேர் சொல்லுங்க" என்றாள்.

டிராஃப்ட்ஸ்மேனுக்குப் பெயர் என்றால் தாளின் வலது கீழ்மூலைக் கட்டம்தான். வீடு எவ்வளவு பெரிதானாலும் அந்தக் கட்டத்துக்கு உள்ளங்கை அளவு இடம்தான் உண்டு. ஸ்டென்சிலை வைத்து எழுதும்போது நீளமான பெயர்மேல் எனக்குக் கோபம் வரும். நான் இருந்த ஆபீசின் பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரில் ஒருவரையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

கொழும்பில் ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவுக்கும் அதே கதைதான். 1950களின் இறுதியில் அவர் வந்து சேர்ந்த நிறுவனத்தின் பெயர் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக். ரீட் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். கோட்டேயில் ஏரி நடுவே நிற்கும் இலங்கை நாடாளுமன்றம் உட்பட, பாவாவின் பேர்பெற்ற வேலைகளில் பெரும்பாலானவை அந்த மூன்று வெள்ளைக்காரப் பெயர்களின் கீழ்தான் வெளியே போயின. தாழ்ந்த ஓட்டுக்கூரை, முற்றம், மரத்தூண் என்று அவர் கட்டியதற்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பழைய பெயரில் ஒரு நம்பகம் உண்டு என்பதால் அது போதுமானதாக இருந்தது. நேற்று ஆரம்பித்த ஆபீசுக்கு அந்த வசதி கிடையாது.

அவள் முதலில் எழுதிவைத்திருந்த பெயர் 'ஆர்க்கிடெக்ட்ஸ்' என்று முடிந்தது. அது ஆகாது. அவள் பி.ஆர்க் முடித்துக் கவுன்சிலில் பதிந்தவள். கூட்டாளிப் பெண் இன்டீரியர் டிப்ளமோ படித்தவள். 1972-ஆம் வருஷச் சட்டத்தின் 37-ஆம் பிரிவுப்படி, கூட்டு நிறுவனம் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் கூட்டாளிகள் எல்லோருமே பதிந்தவர்களாக இருக்க வேண்டும். 2020-ல் உச்ச நீதிமன்றமும், சட்டம் அந்தப் பட்டத்தைத்தான் காக்கிறது, வரைகிற வேலையை யாருக்கும் தடுக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. வரையலாம், போர்டில் அந்தச் சொல்லைப் போடத்தான் கூடாது. ஜி.எஸ்.டி. ரோடு நெடுக 'டிசைன்ஸ்', 'ஸ்பேசஸ்', 'ஸ்டூடியோ' என்று பெருகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ஸ்டூடியோ என்று வைக்கலாமே என்றாள். வைக்கலாம், மறைமலை நகரில் முதல் வாரமே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டு ஆள் வரும்.

அடுத்து 'திண்ணை' என்றார்கள். ஓட்டல், ஹோம்ஸ்டே, பத்திரிகை என்று எத்தனையோ பேர் அதில் உட்கார்ந்தாயிற்று. கூட்டாளிப் பெண்ணுக்கு 'ரசமட்டம்' பிடித்திருந்தது. கொத்தனார் கையிலிருக்கும் கருவி, நல்ல பெயர்தான். ஆனால் யாரும் முழுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'ரசம்' என்று சுருக்கினால் மெஸ், 'மட்டம்' என்று சுருக்கினால் இன்னும் மோசம். "மட்டத்துல குடுத்து வீட்டு வேலை செஞ்சோம்" என்று எந்த வீட்டுக்காரர் சொல்லிக்கொள்வார்? வைக்கிற பெயரைவிட மற்றவர்கள் அதை எப்படிச் சுருக்குவார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேரளத்தில் வினு டேனியல் என்பவரின் 'வால்மேக்கர்ஸ்' இருக்கிறது. படிப்பு முடிந்து ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டோடு சேர்ந்து சுனாமிக்குப் பிந்தைய கட்டுமானத்தில் வேலை பார்த்துவிட்டு, 2007-ல் தனியே தொடங்கியவர். கிடைத்த முதல் வேலை வெறும் காம்பவுண்டுச் சுவர். அதைப் பார்த்து மற்றவர்கள் வைத்த பெயர்தான் அது. பிறகு மண்ணையும் இடிபாட்டையும் வைத்து அவர் எழுப்பிய சுவர்கள் அந்தப் பெயருக்குப் பொருத்தமாகிவிட்டன. நம் சூளகிரியில் அவர் கட்டிய 'சுழி' வீட்டில் சுவரும் கூரையும் ஒன்றாகச் சுழன்று போகின்றன. சுவர்காரர் என்ற பெயர் அவரைச் சுவரோடு கட்டிப்போடவில்லை.

இதைச் சொல்லிவிட்டு, பெயர்ப் பட்டியலை மூடிவைத்துப் படங்களைத் தரையில் பரப்பச் சொன்னேன். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது எது? செங்கல் ஜாலி ஒரு வீட்டில்தான் இருந்தது. ஆத்தங்குடிக் கல் இரண்டில், அதுவும் வீட்டுக்காரர்கள் கேட்டுப் போட்டது. கிளினிக்கைத் தவிர எல்லாவற்றிலும் இருந்தது ஒரு கோடு: தரையிலிருந்து ஏழடியில், கதவின் தலை, ஜன்னலின் தலை, அலமாரியின் தலை மூன்றும் ஒரே மட்டத்தில். அதற்குமேல் வெறும் வெள்ளைச் சுவர்.

சொல்லும்போது சின்ன விஷயம். பழைய ஃபிளாட்டில் அது லேசில் வராது. கதவு நிலை ஏழடியில் இருந்தால் ஜன்னல் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும், லாஃப்ட் ஓர் அங்குலம் ஏறியிருக்கும், தரையே ஒரு பக்கம் சரிந்திருக்கும். டியூப் லெவல் பிடித்து நாலு சுவரிலும் நூல் அடித்து, குறைகிற இடத்தில் மரப்பட்டி கொடுத்துத்தான் அந்தக் கோட்டை முடிக்க வேண்டும். ஆசாரிக்கு இது பெரிய எரிச்சல். எங்களோடு படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இதுல என்ன யோசனை? எங்க ஆளுங்க இவங்களை ஏழடி மேடம்னுதான் சொல்றாங்க" என்றார்.

அதற்குப் பிறகு வேறு பெயர் தேடவில்லை. தொல்லை மட்டும் மிச்சமிருந்தது. ழகரத்தை இங்கிலீஷில் எழுதினால் Ezhadi, Eladi, Yeladi என்று ஆளுக்கொரு விதம்; கேட்டவர் தட்டிப் பார்த்தால் வேறு எங்கோ போய் நிற்பார். மகிந்திரா சிட்டிக்கு வந்து குடியேறும் வடக்கத்திக்காரர் வாயில் அது என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். கடைசியில் போர்டிலும் அட்டையிலும் தமிழில் 'ஏழடி', திரையில் 7adi என்று முடிவானது. வடக்கத்திக்காரர் 'செவன் அடி' என்று படித்தாலும் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார். கடைப் பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்ற தமிழ்நாட்டு விதிக்கும் அது ஒத்துப்போனது. ஆர்க்கிடெக்ட் தன் ஆபீஸ் வாசலில் தன் பெயரைப் போட்டால் எழுத்து 10 செ.மீ. உயரத்தைத் தாண்டக்கூடாது என்று 1989-ஆம் வருஷ நடத்தை விதி சொல்கிறது. போர்டு எழுதுகிறவருக்கு நாலங்குல எழுத்தில் மனமில்லை. பக்கத்துப் பேக்கரிக்கு ஒன்றரையடியில் எழுதியவர் அவர்.

பெயர் வந்ததும் பக்கங்களின் வரிசை குலைந்தது. 'ஏழடி' என்று அட்டை போட்ட புத்தகத்தைத் திறப்பவர் முதல் படத்திலேயே அந்தக் கோட்டைத் தேடுவார். முன்னால் இருந்தது கிளினிக்: வளைந்த ரிசப்ஷன், கூரைவரை ஏறும் பேனல், அத்தனையும் டாக்டர் ஆசைப்பட்டுக் கேட்டவை. படத்தில் பளபளவென்று இருக்கும், கோடு மட்டும் எங்கும் இருக்காது. ஊரப்பாக்கத்துச் சின்ன ஃபிளாட்டை முதலில் வைத்து, கிளினிக்கைக் கடைசிக்குத் தள்ளினாள். எடுத்தே விடு என்று கூட்டாளி சொல்லியும் அதை மட்டும் கேட்கவில்லை. இப்போது கையிலிருக்கும் இரண்டு வேலையையும் அனுப்பிவைத்தது அந்த டாக்டர்தான்.