டீக்கடைக்குப் போகாமல் வேலை கேட்டது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறைகளுக்கு வேலை எப்படி வருகிறது என்று யாராவது கேட்டால், டீக்கடையில் வருகிறது என்றுதான் சொல்வேன். காலை பத்தரைக்கும் மாலை நாலரைக்கும் டீக்கடை வாசலில் நின்றபடியே பாதி ஜாப் வொர்க் பேசி முடிந்துவிடும். "லேத் காலியா இருக்கா?", "அந்த ஃபிக்ஸ்சருக்கு டிராயிங் போட ஆள் இருக்கா?" இப்படித்தான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து அங்கே ஆறு வருஷம் டிசைன் பிரிவில் வேலை பார்த்தேன். ஒருநாள்கூட அந்த டீக்கடையில் நின்றதில்லை. எங்களுக்கு டீ ஃப்ளாஸ்க்கில் மேசைக்கே வந்துவிடும். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2016-இல் மகள் பிறந்தாள். வேலையை விட்டேன். 2023-இல் திரும்ப வேலை செய்ய வேண்டும் என்று நினைத்தபோது, ஆறு வருஷம் என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவருடைய எண்கூட என்னிடம் இல்லை. ஆண்கள் டீக்கடையில் சேர்த்துவைத்திருந்த அறிமுகம் எனக்குச் சேர்ந்திருக்கவில்லை. எனக்குக் கிடைத்த ஒரே டீக்கடை லிங்க்டுஇன்தான்.

அங்கே நான் முதலில் செய்தது எல்லாமே தப்பு. பெயருக்குக் கீழே வரும் ஒருவரி அறிமுகத்தில், "கடின உழைப்பாளி, ஆர்வமுள்ள கேட் டிசைனர், வாய்ப்பைத் தேடுகிறேன்" என்று எழுதினேன். புகைப்படத்தைச் சுற்றி Open to Work என்ற பச்சை வளையத்தையும் போட்டேன். பிறகு ஒரே கடிதத்தை நகலெடுத்து அறுபது பேருக்கு அனுப்பினேன். "மதிப்பிற்குரிய ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்கி, என் படிப்பு, என் அனுபவம், என் குடும்பச் சூழல் என்று நீளும் கடிதம். மூன்று பதில் வந்தன. ஒன்று, "ரெஸ்யூம் அனுப்பவும்." இன்னொன்று, "போட்டோ நல்லா இருக்கு, கல்யாணம் ஆயிடுச்சா?" மூன்றாவது அந்தத் தளமே அனுப்பியது. என் அழைப்புகளில் பலவற்றை யாரும் ஏற்கவில்லை, சிலர் இவரைத் தெரியாது என்று குறித்திருக்கிறார்கள். அதனால் சில நாட்களுக்குப் புதிய அழைப்பு அனுப்ப முடியாதபடி நிறுத்திவைத்துவிட்டார்கள்.

"யார் யாருக்கோ மெசேஜ் அனுப்பினா இப்படித்தாம்மா ஆகும்" என்றார் கணவர். அந்த இரண்டாவது பதிலை அவரிடம் நான் காட்டவில்லை. காட்டியிருந்தால் கணக்கையே மூடச் சொல்லியிருப்பார்.

ஆவடியில் இருக்கும் ஒரு தோழி, பாலிடெக்னிக்கில் எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர், ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். என் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "அக்கா, நீங்க வேலை கேக்கிறீங்களா, இல்ல வேலை செஞ்சு தரேன்னு சொல்றீங்களா? ரெண்டும் வேற. நீங்க எழுதியிருக்கிறத பார்த்தா வேலைக்குச் சேர வந்த பொண்ணு மாதிரி இருக்கு."

அதுதான் விஷயம். பச்சை வளையம் சம்பள வேலை தேடுபவர்களுக்கானது. அதைப் பார்க்கிற ஒரு டிசைன் மேனேஜர், இவரை எடுத்தால் மேசை தரவேண்டும், சம்பளம் தரவேண்டும், ஏழு வருஷ இடைவெளி வேறு என்றுதான் கணக்குப் போடுவார். வளையத்தை எடுத்துவிட்டு, Providing services என்ற பகுதியைத் திறந்தேன். ஒருவரி அறிமுகத்தையும் மாற்றினேன். அதற்கு 220 எழுத்து இடமுண்டு, ஆனால் கைப்பேசியில் முதல் சில சொற்கள்தான் தெரியும். அதனால் 'கடின உழைப்பாளி' முன்னால் நிற்கக் கூடாது. யாருக்கு, என்ன, எந்த வடிவத்தில் என்பது நிற்கவேண்டும். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இயந்திரத் தயாரிப்பாளர்களுக்கு ஃபிக்ஸ்சர் வரைபடங்கள். 3டி மாடலிலிருந்து பட்டறைக்குப் போகும் 2டி வரைபடம். பழைய காகித வரைபடங்களை கேட் கோப்பாக மாற்றித் தருகிறேன். அம்பத்தூர்."

'ஆர்வமுள்ள' என்ற சொல்லை எடுத்தபோது கொஞ்சம் பயமாக இருந்தது. பணிவாக இருக்கிறேன் என்று காட்டத்தான் அந்தச் சொற்களை எல்லாம் வைத்திருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. 'ஐயா' போனது, 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' போனது. வேலை தேங்கியிருக்கும் ஒருவரிடம் அதை முடித்துத் தருகிறேன் என்று சொல்வது தொந்தரவு இல்லை.

ஏழு வருஷ இடைவெளியை மறைக்கவும் இல்லை. 2022-லிருந்து அந்தத் தளத்தில் Career break என்று தனியாகப் பதியலாம், முழுநேரக் குழந்தை வளர்ப்பு என்ற காரணமும் அதில் இருக்கிறது. இரண்டு வரி எழுதினேன். அதில் எதற்கும் விளக்கம் சொல்லவில்லை.

அடுத்த சிக்கல் மாதிரி வேலை. பழைய கம்பெனியில் போட்ட வரைபடங்கள் என்னிடம் சில இருந்தன. அவற்றை வெளியே காட்டக் கூடாது. அவை கம்பெனிக்கும் அதன் வாடிக்கையாளருக்கும் சொந்தம். அவற்றைப் போட்டுவைத்தால், நாளை எங்கள் வரைபடத்தையும் இப்படித்தானே போடுவார் என்று புது வாடிக்கையாளர் நினைப்பார். புதிதாக ஒன்று வரையவேண்டும், ஆனால் எதை?

சமையலறை அலமாரியில் மாமியாரின் பித்தளை முறுக்கு அச்சு இருந்தது. வெர்னியரை எடுத்து அளந்தேன். ஒரு குழல், அதற்குள் இறங்கும் அழுத்துக் கட்டை, கழற்றி மாட்டும் சில்லுகள். அழுத்துக் கட்டை குழலுக்குள் தடையில்லாமல் இறங்கவேண்டும், ஆனால் மாவு பக்கவாட்டில் மேலே பிதுங்கிவரக் கூடாது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடலாம், எந்த அளவுக்கு விலக்கம் தரலாம்? பட்டறையில் எந்தப் பொருளுக்கும் கேட்கும் கேள்விதான் இது. 3டி மாடல், பாகங்களின் 2டி வரைபடம், பொருத்திய படம், பாகப் பட்டியல் என நான்கு தாள் போட்டு பிடிஎஃப் ஆக என் பக்கத்தின் மேலே வைத்தேன். ஒரு டிசைனர் அதைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் என் கையை எடைபோட்டுவிடலாம்.

யாருக்கு எழுதுவது என்பதையும் மாற்றினேன். அறுபது பேர் வேண்டாம், பன்னிரண்டு பேர் போதும். டிராஃப்ட்ஸ்மேன் தேவை, உடனே சேரவேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்தவர்களைத் தேடினேன். அந்த விளம்பரத்துக்கு ஒரே அர்த்தம்தான், அங்கே வரைபடம் தேங்கிக்கிடக்கிறது. ஆள் கிடைத்து, சேர்ந்து, பழகுவதற்கு ஒன்றிரண்டு மாதமாவது ஆகும். அந்த இடைவெளியில்தான் என்னைப் போன்றவர்களுக்கு இடம் இருக்கிறது. ஆள் எடுக்கும் பிரிவுக்கு எழுதக் கூடாது, அவர்கள் ரெஸ்யூம்தான் கேட்பார்கள். தேங்கிய வேலை யார் தலையில் விழுகிறதோ அந்த டிசைன் தலைவருக்கு எழுதவேண்டும்.

பூந்தமல்லிப் பக்கம் தனிவகை இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனம் அப்படி விளம்பரம் போட்டிருந்தது. இலவசக் கணக்கில் அழைப்போடு குறிப்பு சேர்ப்பது மாதத்துக்கு ஒரு சிலருக்குத்தான் முடியும், அதுவும் மிகச் சிறியதாக. அதனால் இவ்வளவுதான் எழுதினேன்: "நீங்கள் டிராஃப்ட்ஸ்மேன் தேடுவதைப் பார்த்தேன். ஆள் சேரும்வரை தேங்கும் 2டி வரைபடங்களை வெளியிலிருந்து முடித்துத் தரமுடியும். மாதிரி என் பக்கத்தில் இருக்கிறது."

இரண்டு நாளில் அழைப்பை ஏற்றார். உடனே விலைப்பட்டியலை அனுப்பவில்லை. பலர் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். கதவைத் திறந்தவர் முகத்தில் நோட்டீஸை நீட்டினால் அவர் கதவைச் சாத்திவிடுவார். நான் இரண்டு கேள்வி கேட்டேன். "நீங்கள் எந்த மென்பொருள், எந்த வெர்ஷன் பயன்படுத்துகிறீர்கள்? வரைபடம் முதல் கோண முறையா, மூன்றாம் கோண முறையா?"

புது வெர்ஷனில் சேமித்த கோப்பு பழைய வெர்ஷனில் பொதுவாகத் திறக்காது. நம் ஊரில் முதல் கோணம் வழக்கம், அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் மூன்றாம் கோணம். முறை மாறிப் படித்தால் பாகம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிப்போகும், உலோகம் வீண். இந்த இரண்டு கேள்வியும் வந்தால், எதிரில் இருப்பவர் பட்டறையைப் பார்த்தவர் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

அடுத்து அவர் கேட்டது, "மாதிரிக்கு ஒரு ஃபிக்ஸ்சர் முழுதாகப் போட்டுக் காட்டுங்கள்." பதினான்கு தாள். இலவசமாக. பழைய நான் என்றால் இரவெல்லாம் உட்கார்ந்து போட்டிருப்பேன். பதிலை மூன்று தடவை எழுதி அழித்துவிட்டு இப்படி அனுப்பினேன்: "மாதிரி வேலை என் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் வரைபடத்தில் ஒரு தாளை முதலில் போட்டுத் தருகிறேன், தாளுக்கு 400 ரூபாய். சரியாக வந்தால் மீதி பதின்மூன்று தாள், பாதிப் பணம் முன்பணமாக. உங்கள் கோப்புகளை யாருக்கும் காட்டமாட்டேன் என்று எழுதித் தருகிறேன்."

நான்கு நாள் பதில் இல்லை. அந்த நான்கு நாளும் 400 ரூபாய் அதிகமோ என்று மனசு அரித்தது. ஐந்தாம் நாள் ஒரு தாளுக்கான கோப்பு வந்தது. அதில் ஒரு துளையின் ஆழத்தைக் குறிக்க விட்டுவிட்டேன். அவர் சிவப்பில் சுழித்து அனுப்பினார், அரைமணியில் திருத்தினேன். மீதி வேலையும் வந்தது.

மற்ற பதினொரு பேரில் எட்டுப் பேர் பதிலே சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை இரண்டு வரியில் நினைவூட்டினேன், பிறகு விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை எழுதினால் அது ஸ்பாம். ஏற்கப்படாமல் நிற்கும் அழைப்புகளை அவ்வப்போது திரும்பப் பெறுகிறேன். அப்படித் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது. அதுவும் நல்லதுதான்.

வேலைக்கென்று தனி சிம் வாங்கினேன். முன்பணம் வந்தபிறகுதான் அந்த எண்ணைத் தருகிறேன், அதுவரை பேச்சு அந்தத் தளத்திலேயே. கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதில்லை, தடைசெய்துவிட்டு அடுத்த தாளைத் திறக்கிறேன். ஆண் டிராஃப்ட்ஸ்மேனுக்கு இந்த இரண்டாவது சிம் தேவைப்படுமா என்று சில நேரம் யோசிப்பேன். அதன் ரீசார்ஜ் காசையும் என் தாள்விலையில் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு மாமியார் முறுக்கு அச்சைத் தேடினார். "அது என் மேசையில இருக்கு அத்தை" என்றேன். எடுத்துப்போய் கழுவினார். பிழிந்து முடித்ததும் அவரே துடைத்து, திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.